டைவர்ஜென்ட் டெலிவரி: தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறு கடைக்காரர்களுக்காக இணைய விளம்பரக் கையேடு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் 'டைவர்ஜென்ட் டெலிவரி' என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன். பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோவையில் சோலார் வாட்டர் ஹீட்டர் விற்பவர் ஒருவர், ஒரே படத்தையும் ஒரே விலையையும் வைத்துத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டும் கலந்து ஒன்று என மூன்று விளம்பரங்கள் போட்டார். மூன்றுக்கும் ஒரே தொகை, ஒரே வயது வரம்பு, ஒரே சுற்றுவட்டாரம். கலந்ததை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கணக்குப் புரிவதற்காக எண்களை முழுதாக்கித் தருகிறேன். தமிழ் விளம்பரம் பார்த்து விசாரித்த 100 பேரில் 13 பேர் வாங்கினார்கள். ஆங்கிலத்தில் 100 பேரில் 17 பேர். 'ஆங்கிலம்தான் எடுபடுது' என்று தமிழ் விளம்பரத்தை நிறுத்தப் போனார்.

விசாரணைப் படிவத்தில் ஊர்ப் பெயர் கேட்டிருந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆங்கில விளம்பரத்துக்கு வந்தவர்களில் 80 பேர் கோவை நகரம். அவர்களில் 16 பேர் வாங்கினார்கள். மீதி 20 பேர் பொள்ளாச்சி, உடுமலை பக்கம், வாங்கியது ஒருவர். தமிழ் விளம்பரத்தில் இது அப்படியே தலைகீழ். நகரத்தில் 20 பேர் விசாரித்து 5 பேர் வாங்கினார்கள். சிற்றூர்களில் 80 பேருக்கு 8 பேர். அதாவது நகரத்திலும் தமிழ்தான் முந்துகிறது, சிற்றூர்களிலும் தமிழ்தான் முந்துகிறது, கூட்டினால் மட்டும் ஆங்கிலம் ஜெயிக்கிறது! விளம்பரத் தளத்தின் அல்காரிதம் ஆங்கில விளம்பரத்தை, எப்படியும் அதிகம் வாங்கக்கூடிய நகரத்துக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இப்படி விளம்பரத்துக்கு விளம்பரம் பார்ப்பவர்களே மாறிப்போவதற்குத்தான் ஒரு சொல் வேண்டும். 'விலகு வழங்கல்' சரிவருமா?

இளங்கோ எழுதியது:

புதுச் சொல் எதற்கு? ஒப்பிடும் ஆட்களே ஒரே மாதிரி இல்லாததால் கணக்கு ஒரு பக்கம் சாய்வதைப் புள்ளியியலில் 'தேர்வுச் சாய்வு' என்று ஏற்கெனவே சொல்கிறார்கள், இதுவும் அதுதான். நீங்கள் செய்ததுபோல் ஊர்வாரியாகப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. அதுவும் வேண்டாம் என்றால் விளம்பரத் தளத்திலேயே ஏ/பி சோதனை இருக்கிறது. அது ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். அதற்கப்புறம் வரும் எண்ணை நம்பலாம்.

'வழங்கல்' வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்தாலே எனக்குக் குடிமைப்பொருள் வழங்கல் துறையும் ரேஷன் கடை வரிசையும்தான் ஞாபகம் வருகின்றன.

மரகதம் எழுதியது:

எங்கள் கல்யாண மண்டபத்திலும் இதே பிரச்சினைதான். தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் செலவு கூடிவிடுகிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே செய்தி. தமிழில் 70 தாண்டினாலே இரண்டு செய்தியாகப் போட்டுவிடுகிறார்கள். அந்த 70-லும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. 'தமிழ்' என்று அடித்தாலே ஐந்து போய்விடுகிறது. ஆகவே ஒப்பிடும்போது தமிழுக்கு ஆகும் கூடுதல் செலவையும் கழிக்க வேண்டும் அல்லவா?

செல்வி எழுதியது:

மரகதம் அக்கா, நீங்கள் சொல்வது செலவுக் கணக்கு. எஸ்எம்எஸ்ஸில் யாருக்கு அனுப்புவது என்று நீங்களே பட்டியல் போட்டுவிடுகிறீர்கள். பட்டியலைக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேருக்குத் தமிழிலும் பாதிப் பேருக்கு ஆங்கிலத்திலும் அனுப்பினால் இந்தச் சிக்கலே வராது. ஆனால் 70 எழுத்து விஷயம் கையேட்டில் வேறு இடத்துக்கு உதவும், நன்றி.

ரவீந்திரன் எழுதியது:

இளங்கோ சொன்னதில் பாதி சரி. ஏ/பி சோதனை ஆட்களைக் குலுக்கிப் பிரிப்பது உண்மைதான். ஆனால் பிரித்த பிறகு, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் யாருக்குக் காட்டுவது என்பதை அல்காரிதம்தான் முடிவுசெய்கிறது. இந்த ஆள் இந்த விளம்பரத்தைத் தொடுவாரா என்று ஒரு மதிப்பீடு போட்டு, அதையும் ஏலத் தொகையையும் சேர்த்துப் பார்த்துத்தான் இடம் தருகிறது. தமிழ் வாசகத்தைத் தொடுகிறவர்கள் வேறு, ஆங்கிலத்தைத் தொடுகிறவர்கள் வேறு. ஆகவே சமமாகப் பிரித்த இரண்டு கூட்டத்திலிருந்தும் வெவ்வேறு மாதிரி ஆட்கள்தான் பார்வையாளர்களாகிறார்கள். மைக்கேல் பிரான், எரிக் ஷ்வார்ட்ஸ் என்ற சந்தைப்படுத்தல் ஆய்வாளர்கள் இருவரும் 'டைவர்ஜென்ட் டெலிவரி' என்ற பெயரில் விளக்கியது இதைத்தான். அமெரிக்காவில் 2019-இல் வந்த ஒரு ஆய்வில், இலக்கு வைத்தபோது ஆண் பெண் என்று எந்த வரம்பும் கொடுக்காமலே, சூப்பர் மார்க்கெட் காசாளர் வேலை விளம்பரம் பார்த்தவர்களில் சுமார் 85 சதவீதம் பெண்களாக இருந்தார்கள்.

ஊர்வாரியாகப் பிரிப்பதும் முழு மருந்து இல்லை. கோவை நகரத்துக்குள்ளேயே ஆங்கில விளம்பரம் ஒரு மாதிரி ஆட்களிடமும் தமிழ் விளம்பரம் வேறு மாதிரி ஆட்களிடமும் போயிருக்கலாம். அப்புறம் செல்வி, 20 பேரில் 5 என்பது மிகச் சின்ன எண். ஒருவர் மனம் மாறியிருந்தால் நகரத்தில் இரண்டும் சமமாகியிருக்கும். 'ஆங்கிலம் ஜெயிக்கவில்லை' என்று சொல்லலாம். 'தமிழ் ஜெயித்தது' என்று சொல்ல உங்களிடம் போதுமான ஆதாரம் இல்லை.

மொழியை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் ஊர்களையே குலுக்குங்கள். பொள்ளாச்சியும் உடுமலையும்போல ஒன்றுக்கொன்று ஒத்துவரும் ஜோடிகளை எடுங்கள். இரண்டு வாரம் ஓர் ஊரில் தமிழ் மட்டும், மற்றதில் ஆங்கிலம் மட்டும். ஒரு வாரம் இடைவெளி விட்டு மாற்றிப் போடுங்கள். விளம்பர அறிக்கையைப் பார்க்காமல், அந்தந்த ஊரிலிருந்து வந்த எல்லா விற்பனையையும் எண்ணுங்கள், கடைக்கு நேரில் வந்ததும் போனில் வந்ததும் உட்பட. மழை, குளிர் இரண்டு ஊருக்கும் ஒன்றாகவே வருவதால் பருவ வித்தியாசம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனால் ஹீட்டர் வாங்க மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது முதல் சுற்று விளம்பரம், வாங்கியது இரண்டாம் சுற்றில் என்று கணக்கு குழம்பும். ஒரே ஒரு ஜோடியை வைத்து முடிவெடுக்கவும் கூடாது.

இதைத் தேர்வுச் சாய்வின் ஒரு வகை என்று சொல்லலாம்தான். ஆனால் இங்கே சாய்வு விளம்பரத்தின் வாசகத்திலிருந்தே பிறக்கிறது. அதனால் தனிப் பெயர் தேவை. 'விலகு' வேண்டாம், திட்ட விலக்கத்தோடு குழப்பிக்கொள்வார்கள். 'ஆள்பிரி விநியோகம்' எப்படி?

கவிதா எழுதியது:

பதினாறு அடி பாய்கிறீர்கள், ஆனால் அந்த மூன்றாவது விளம்பரத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. நான் விளம்பர வாசகம் எழுதுகிறவள். 'கலந்தது' என்று எங்களிடம் கேட்டால் மூன்று விதமாக எழுதுவோம். தமிழ்த் தலைப்புக்குக் கீழே ஆங்கில விவரம் ஒரு விதம். 'வீட்டுக்கே வந்து ஃப்ரீயா ஃபிட்டிங் பண்ணித் தர்றோம்' என்று முழுக்கத் தமிழ் எழுத்தில் பேச்சுமொழி இன்னொரு விதம். அதே வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் அடிப்பது மூன்றாவது. மூன்றும் மூன்று வேறு கூட்டத்திடம் போகும். மூன்றையும் 'இருமொழி' என்று ஒரே வரியில் கூட்டி எழுதினால், ரவீந்திரன் ஐயா சொன்ன கோளாறு அந்த ஒரு வரிக்குள்ளேயே நடக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கிற பக்கம் எந்த மொழி? தமிழைப் படித்துவிட்டு உள்ளே போனால் முழு ஆங்கிலப் படிவம் என்றால், பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அப்புறம் தமிழ் விளம்பரம் எடுபடவில்லை என்பீர்கள்.

சொல்லைப் பற்றி: 'ஆள்பிரி' என்றால் யாரோ வேண்டுமென்றே ஆட்களைப் பிரிப்பதுபோல் இருக்கிறது. 'பார்வையாளர் பிரிவு' என்று சொல்லவும் முடியாது, அது இலக்குக் கூட்டம் ஆகிவிடும். 'பிரிந்து சேர்தல்' போதாதா?

இளங்கோ எழுதியது:

ஏ/பி சோதனை விஷயம் எனக்குப் புதிது, ஏற்கிறேன். பெயரில் மட்டும் உடன்பாடில்லை. 'பிரிந்து சேர்தல்' காதலர்களுக்குப் பொருந்தும். 'சேர்ப்புச் சாய்வு' என்று வையுங்கள். தேர்வுச் சாய்வின் தம்பி என்று பார்த்ததும் தெரியும்.

செல்வி எழுதியது:

படிவம் மூன்று விளம்பரத்துக்கும் ஒன்றேதான், ஆங்கிலத்தில். கவிதா கேட்ட பிறகுதான் கடைக்காரரிடம் விசாரித்தேன். தமிழ்ப் படிவம் தயாராகும் வரை ஊர் ஜோடிச் சோதனையைத் தள்ளிவைத்திருக்கிறோம். கலந்த விளம்பரம் பேச்சுமொழி வகையாம். கையேட்டில் இப்போதைக்கு 'சேர்ப்புச் சாய்வு' என்று போட்டு, 'ஆள்பிரி விநியோகம்' என்பதையும் பக்கத்தில் வைக்கிறேன். ரவீந்திரன் ஐயா, எத்தனை ஊர் ஜோடி இருந்தால் எண்ணை நம்பலாம்? அவரிடம் நான்குக்கு மேல் தேறாது.