வைரல் வீடியோவின் கருத்தை என் நடையில் எழுத யோசனை சொல்லுங்க

வணக்கம்ங்க. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை பற்றிச் சின்ன வீடியோக்கள் போடுகிறேன். சுருள் வெள்ளை ஈ பற்றி ஒரு வீடியோ இப்போது வைரல்: முதலில் கறுத்த ஓலை, அப்புறம் மருந்தடித்தும் போகாத கதை, முடிவில் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி. தகவல் எல்லோருக்கும் பொது, ஆனால் அந்த வரிசையும் வார்த்தையும் அவர்களுடையது. வரிக்கு வரி சொல்லை மட்டும் மாற்றினால் எலும்புக்கூடு அப்படியே தெரியும். அதனால் வீடியோவை மூடிவிட்டு, நினைவில் நின்ற தகவலைத் துண்டு துண்டாகக் குறித்து, வேளாண் பல்கலைக்கழகக் குறிப்போடு சரிபார்த்து, புதிதாக அடுக்கினேன்.

தோப்புக்காரர் கேட்கும் "மருந்தடிக்கலாமுங்களா?" என்பதில் தொடங்குகிறேன். அடித்தால் ஒட்டுண்ணியும் சாகும் என்று சொல்லி, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை, ஓலையின் அடியில் தண்ணீர் பீய்ச்சுவது என்று போய், ஈயின் இனிப்புக் கழிவில் பூஞ்சை வளர்ந்து ஓலை கறுப்பதைக் கடைசியில் வைக்கிறேன்.

சிக்கல் ஒன்றுதான். ஒட்டுண்ணியை அவர்கள் 'தோப்புக் காவல்காரன்' என்கிறார்கள், அது என் வாயில் ஒட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு, ஒட்டுண்ணி முட்டையிட்ட ஈக்குஞ்சு கறுத்துப்போவதை நேராகக் காட்டினால் போதுமா? இல்லை, நம்ம ஊர்ப் பேச்சில் வேறு சொல் இருக்குதுங்களா? படித்துவிட்டு வரிசை இன்னும் அவர்களுடையது மாதிரி இருந்தாலும் சொல்லுங்க.