ஒரு வலிக்கு ஆறு மூச்சு: என் இரண்டு பிரசவங்களும் மூச்சுப் பயிற்சியும்

தேனிக்காரி

முதல் பிரசவத்தில் எனக்கு மூச்சுப் பயிற்சி எதுவும் தெரியாது. வலி எடுக்க எடுக்க வாயைத் திறந்து வேகவேகமாக இழுத்து விட்டேன். கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. தலை சுற்றியது. விரல்கள் மரத்துப்போய், தானாகக் குவிந்து, பறவையின் அலகு மாதிரி ஆகிவிட்டன. நானே பிரிக்கப் பார்த்தும் பிரியவில்லை. வலிப்பு வருகிறது என்று நினைத்து அலறிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள், "கத்தாதே" என்றார்களே தவிர, ஏன் இப்படி ஆகிறது என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பயம் இரண்டாவது குழந்தை உண்டாகும் வரை போகவில்லை.

இந்த முறை 28 வாரத்தில் அரசு மருத்துவமனையின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும், நடுவில் அடக்க வேண்டாம். நாலு எண்ணும்வரை மூக்கால் இழு, ஆறு எண்ணும்வரை விடு. ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வலி நன்றாகப் பிடித்த பிறகு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் இருக்கும். அதனால் "ஒரு வலிக்கு ஆறு மூச்சு" என்று மனதில் பதித்துக்கொண்டேன்.

இரவு படுக்கும்முன் பத்து நிமிடம் செய்வேன். மல்லாந்து படுத்தால் எனக்கு மயக்கம் வரும். அதனால் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்வேன். விடும்போது நெற்றி, தாடை, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தளர்த்துவேன். அப்புறம் ஒரு ஐஸ்கட்டி. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு ஆறு மூச்சு விட வேண்டும். முதல் நாள் இரண்டாவது மூச்சிலேயே கை கடுத்து, பல்லைக் கடித்து, தோளைக் காது வரை தூக்கிவிட்டேன். தண்ணீர் முழங்கை வழியாக வழிகிறது, என் கணவர் எண்ணுகிறார், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது: தாடையைத் தளர்த்தினால் கையும் தளர்கிறது. ஐஸ் வலியும் பிரசவ வலியும் ஒன்று இல்லை, தெரியும். வலிக்கும்போது உடம்பு எங்கே இறுகுகிறது என்பதை அந்த ஐஸ்தான் எனக்குக் காட்டியது.

பிரசவ அன்று முதல் இரண்டு மூச்சில் வலி ஏறும், மூன்றாவது நாலாவதில் உச்சி, அப்புறம் இறங்கும். ஆறு மூச்சு என்று வைத்திருந்ததால் இறக்கம் வருகிறது என்று தெரிந்தது. கடைசி ஒரு மணி நேரம் எண்ணிக்கையெல்லாம் போய்விட்டது, "ஊஊ" என்று அடித்தொண்டையில் சத்தமிட்டு விட்டேன். வலி குறையவில்லை. விரல் மரத்துப்போகவில்லை. எனக்கு அது போதும். உங்களுக்கு எப்படி இருந்தது?

யோகா_பிரியை

நான் எட்டு வருடமாகக் கபாலபாதி செய்கிறவள். ஐந்தாவது மாதம் வரை விடாமல் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. கும்பகமும் நல்லதுதானே? மூச்சை உள்ளே நிறுத்தினால் குழந்தைக்கு ஆக்ஸிஜன் கூடுதலாகப் போகும் என்று என் குரு சொல்வார். மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தியும், வண்டு மாதிரி ரீங்காரமிடும் பிராமரியும் இன்றும் செய்கிறேன், மனசு அமைதியாகிறது.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

லேபர் வார்டில் 26 வருடம் இருந்தேன். தேனிக்காரிக்கு வந்தது வலிப்பு இல்லை. வேகமாக மூச்சு விட்டதில் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைந்துவிட்டது. உதடு மரப்பதும் விரல் மடங்குவதும் அதனால்தான். நாங்கள் தோளில் கை வைத்து, "என் முகத்தைப் பாரும்மா, சூடான காபியை ஊதுகிற மாதிரி மெதுவா ஊது" என்போம். சில நிமிடங்களில் விரல் பிரிந்துவிடும். ஆனால் கடுமையான தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி இருந்தால் மூச்சு சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

யோகா_பிரியை, பிராமரி சரி. நாடி சுத்தியும் அடக்காமல் செய்தால் சரி. கர்ப்பத்தில் பலருக்கு மூக்கு அடைத்தே இருக்கும், அப்போது அதை வற்புறுத்தாமல் ரீங்காரத்தை மட்டும் செய்யலாம். கும்பகத்தில் குழந்தைக்குக் கூடுதலாக எதுவும் போகாது, உங்களுக்குத்தான் மூச்சு முட்டும். கபாலபாதியும் பஸ்திரிகாவும் வயிற்றை உதறுகிற பயிற்சிகள், கர்ப்பத்தில் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள்.

யோகா_பிரியை

கபாலபாதியை விட்டுவிடுகிறேன் சிஸ்டர். கும்பகம் பற்றிக் குருவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

30வாரம்_அம்மா

அக்கா, எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இந்த நாலு-ஆறு செய்தால் சரியாகிவிடுமா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்

இது வேறு விஷயம்மா. கர்ப்பத்தில் ஹார்மோனாலேயே மூச்சு அதிகமாக வாங்கும், கர்ப்பப்பை மேலே ஏறி உதரவிதானத்தையும் தள்ளும். அது இயல்பு. ஆனால் ரத்தசோகை இருந்தாலும் இப்படித்தான் வாங்கும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டும், மூச்சுப் பயிற்சியால் அது ஏறாது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே போ.

திருச்சி அப்பா

எங்கள் வீட்டில் நான்தான் எண்ணினேன். முதலில் "ஒன்று, இரண்டு" என்று சத்தமாக எண்ண, அவளுக்கு எரிச்சல் வந்து கையைத் தட்டிவிட்டாள். அப்புறம் எதுவும் பேசாமல் நானே அவள் காதுக்குப் பக்கத்தில் நீளமாக மூச்சு விட்டேன். அவள் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது.

ராதை_கோவை

எனக்கு சிசேரியன். முதுகில் ஊசி போட முன்னால் குனியச் சொன்னபோது நீளமாக மூச்சை விட்டுத் தோளைத் தொங்கவிட்டேன், அசையாமல் இருக்க முடிந்தது. ஆனால் ஒரு சந்தேகம். என் தங்கைக்கு, "மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கு" என்று சொன்னார்களாம். அடக்கவே கூடாது என்றால் அது எப்படி?

ஓய்வுபெற்ற சிஸ்டர்

நாங்களும் வருடக்கணக்காக அப்படித்தான் சொன்னோம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டலில், முக்கும் உந்துதல் தாய்க்கு எப்படி வருகிறதோ அதன்படி விடுங்கள் என்று இருக்கிறது. பெரும்பாலோர் உந்துதல் வரும்போது தாமாகவே சில நொடி பிடிப்பார்கள், முனகிக்கொண்டே விடுவார்கள். அது தவறில்லை. பத்து எண்ணும்வரை முகம் சிவக்கப் பிடிக்க வைப்பதைத்தான் நான் பிறகு விட்டேன். மயக்க ஊசியால் உந்துதல் தெரியாதவருக்கு எப்போது முக்குவது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். டாக்டர்களுக்குள்ளேயே இதில் இன்னும் ஒரே கருத்து இல்லை.

கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும்முன் உந்துதல் வந்தால் மட்டும், மெழுகுவர்த்தியை அணைக்கிற மாதிரி குட்டிக் குட்டியாக ஊதச் சொல்வோம். தலை வெளியே வரும் நேரத்திலும் அதேதான், மெதுவாக வந்தால் கிழிவது குறையும்.

30வாரம்_அம்மா

ரத்தம் பார்த்தேன் அக்கா. 8.9 இருக்கிறது. இரும்புச் சத்து ஊசி போடுவதா மாத்திரையா என்று செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வார்கள். ஐஸ் நேற்று பிடித்துப் பார்த்தேன், மூன்றாவது மூச்சில் கீழே போட்டுவிட்டேன்.

தேனிக்காரி

நானும் முதல் வாரம் அப்படித்தான்மா. பல்லைக் கடித்தாயா என்று மட்டும் பார்.