கொழிஞ்சாம்பாறை, சித்தூர் கரிசல் பக்கம் சாயில் ரிப்போர்ட் படிச்ச அனுபவம் இருந்தா எழுதுங்க

கம்பிக்கணக்கு:
போன வருஷம் கொழிஞ்சாம்பாறை தாண்டி ஒரு மாடி வீடு. வேற ஒருத்தர் போட்ட டிராயிங்கைச் சரிபார்த்துக் கொடுங்கன்னு வீட்டுக்காரர் கூப்பிட்டார். நான் போறப்போ குழி எடுத்து, ஒரு மூலையில கம்பி ஜல்லடையும் கட்டி வச்சிருந்தாங்க. டிராயிங்ல ‘எஸ்பிசி 15 டன், ஆழம் 2 மீட்டர்’னு இருக்கு. எஸ்பிசின்னா மண்ணு ஒரு சதுர மீட்டருக்குத் தாங்கற எடை. ரிப்போர்ட் கடைசிப் பக்கத்துலயும் அதேதான். டேப் வச்சா குழியும் சரியா 2 மீட்டர். காலம் தூணுக்கு 30 டன் லோடு, புட்டிங் சொந்த எடைக்குப் பத்து சதவீதம் சேர்த்தா 33. பதினஞ்சால வகுத்தா 2.2 சதுர மீட்டர் வருது. ஒண்ணரை மீட்டர் சதுரம் போட்டிருந்தாங்க. கணக்குல தப்பே இல்ல.

குழிக்குள்ள இறங்கினேன். சுவர்ல மேல மூணடி சிவப்பு கிராவல், அதுக்குக் கீழ கருப்பு. அடியிலயும் கருப்புதான். ஒரு கட்டியை எடுத்து உடைச்சேன், பிளந்த முகம் மெழுகு தேச்ச மாதிரி பளபளன்னு இருந்தது. வீங்கிச் சுருங்கி, ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழகின களிமண்ணுக்குத்தான் அந்தப் பளபளப்பு வரும். அந்தக் கட்டி இன்னும் கண்ணுலயே நிக்குது.

நடந்தது இதுதான். போர் போட்டப்போ அது வெறும் காடு. ரிப்போர்ட்ல 2 மீட்டர்னு சொன்னது அந்தக் காட்டு மட்டத்துல இருந்து. அப்புறம் ரோட்டு மட்டத்துக்கு வரணும்னு வீட்டுக்காரர் லாரி லாரியா கிராவல் கொட்டி 90 சென்டிமீட்டர் ஏத்திட்டார். டிராயிங் போட்டவருக்கு அது தெரியல. மேஸ்திரி புது மட்டத்துல இருந்து 2 மீட்டர் எடுத்துட்டார். அப்போ பழைய மட்டத்துக்குக் கணக்குப் பார்த்தா புட்டிங் 1.1 மீட்டர்லதான் உக்காருது. எந்த ஆழத்துல என்ன மண்ணுன்னு எழுதற போர்லாக்ல 1.8 மீட்டர் வரைக்கும் கருப்புக் களி, அதுக்கு அப்புறம் சுக்கான் கலந்த மக்கின பாறைன்னு தெளிவா எழுதியிருக்கு. புட்டிங்குக்கு அடியில இன்னும் 70 சென்டிமீட்டர் கரிசல் பாக்கி.

போர்லாக் தலைப்புல தரைமட்டம்னு ஒரு வரி இருக்கும், யாரும் பாக்கறதில்ல. ரோட்டுக் கல்வெர்ட் மேல்மட்டத்தை 100.00னு வச்சா போர் போட்ட இடம் 99.40. அப்படின்னா புட்டிங் அடி 97.40ல இருக்கணும். இப்பெல்லாம் நான் டிராயிங்ல ‘2 மீட்டர் ஆழம்’னு எழுதறதே இல்ல. லெவல் எழுதி, அது எந்தக் கல்வெர்ட்ல இருந்துன்னும் எழுதிடுவேன். மண்ணு கொட்டினாலும் வெட்டினாலும் அந்த நம்பர் மாறாது.

இதே மாதிரி பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

வேலந்தாவளத்தான்:
நான் மேஸ்திரிங்க. இதுக்கெல்லாம் ரிப்போர்ட் எதுக்குங்க? கரிசக்காட்டுல சுக்கான் தெரியற வரைக்கும் எடுக்கணும், அவ்வளவுதான். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான் எடுக்கறோம், எந்த வீடும் விழல. கடப்பாரை போட்டா ‘ணங்’குன்னு திருப்பி அடிக்கணும், அங்க நிறுத்திக்கலாம். அதுக்கும் மேல சந்தேகம்னா ஒண்ணரை மீட்டர் புட்டிங்கை ரெண்டு மீட்டராப் போட்டுட்டா லோடு பரவிரும்.

மண்குழி:
சாயில் லேப்ல பீல்டு வேலை பாத்தவன் நான். மேஸ்திரி அண்ணன் சொன்னதுல முதல் பாதி முழுக்கச் சரி, சுக்கான் வரைக்கும் போறதுதான் இங்க வழி. ஆனா அந்தக் கடப்பாரைச் சோதனையை நம்ப முடியாதுங்கண்ணா. மே மாசம் போட்டுப் பாருங்க, காய்ஞ்ச கரிசலும் அப்படித்தான் திருப்பி அடிக்கும்.

கடப்பாரை மட்டும் இல்ல, எஸ்பிடி-யும் ஏமாத்தும். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விடறோம். முதல் 15 சென்டிமீட்டரை விட்டுட்டு, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடின்னு எண்ணறோம், அதான் ‘N’ வேல்யூ. கோடையில நான் இருந்த ஒரு சைட்டுல ஒண்ணரை மீட்டர் கருப்புக் களியில 28 வந்தது. அதை மட்டும் பாக்கறவங்க இது கெட்டி மண்ணு, இங்கயே உக்காரலாம்னுதான் நினைப்பாங்க.

ஆனா அதே ரிப்போர்ட்ல பின்னாடி லேப் டேபிள் இருக்கும். அதுல ரெண்டு கட்டத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மண்ணோட இயற்கை ஈரம் 14 சதவீதம். பிளாஸ்டிக் லிமிட்டுன்னா மண்ணை உதிராம திரிக்க வேண்டிய குறைஞ்ச ஈரம், அது 26. ஈரம் அவ்வளவு கீழ கிடந்தா மண்ணு எலும்பாக் காய்ஞ்சு கிடக்குன்னு அர்த்தம். அந்த 28 காய்ச்சலோட பலம், மண்ணோட பலம் இல்ல. ஜூன்ல மழை பிடிச்சதும் அது போயிரும். ‘நிலத்தடி நீர் தென்படவில்லை’ன்னு எழுதியிருப்பாங்க, அதுவும் போர் போட்ட அன்னைக்குச் சேதி மட்டும்தான். அதனால போர்லாக் மேல இருக்கற தேதியை முதல்ல பாருங்க.

அடுத்தது ப்ரீ ஸ்வெல். சலிச்ச மண்ணு பத்துப் பத்து கிராம் எடுத்து ஒரு ஜாடியில மண்ணெண்ணெய், இன்னொண்ணுல தண்ணி ஊத்தி 24 மணி நேரம் விடுவோம். மண்ணெண்ணெய்ல களி வீங்காது. அந்த சைட்டு மண்ணு மண்ணெண்ணெய்ல 11 மில்லி, தண்ணியில 21.5 மில்லி. வித்தியாசத்தைப் பதினொண்ணால வகுத்தா 95 சதவீதம். ஐம்பதைத் தாண்டினாலே வீங்கற மண்ணுன்னு வச்சு யோசிக்கணும்.

புட்டிங்கைப் பெருசாக்கற யோசனை சாதாரண மண்ணுக்கு ஓகே. இங்க பிரச்சினை வீடு அமுங்கறது இல்லண்ணா, மண்ணு மேல தள்ளறது. பெருசாக்கினா சதுர மீட்டருக்கு விழற எடை குறையும், தள்ளற மண்ணுக்கு அது வசதி. ஒரே மாடி வீடும் காம்பவுண்டுச் சுவரும்தான் கரிசல்ல அதிகமா வெடிக்கும், ஏன்னா ரெண்டும் லேசு.

நகரிக்காரன்:
எங்க சித்தூர்ல கரிசலை விட குண்டுப் பாறைதான் தொல்லை. நகரி பக்கம் ஒரு கடைக்கட்டடம். ரிப்போர்ட்ல ‘3 மீட்டரில் பாறை, ரெஃப்யூசல்’னு போட்டு எஸ்பிசி 40 டன் கொடுத்துட்டாங்க. குழி எடுத்தா ஒரு மூலையில மட்டும் யானை சைஸ்ல உருண்டைக் கல்லு. மத்த மூணு பக்கமும் கையால அள்ளற மாதிரி மக்கின மணல். சுத்தியல் அந்த ஒரே கல்லுல போய் நின்னிருக்கு.

கம்பிக்கணக்கு:
நீங்க சொல்றது ஆந்திரா சித்தூருங்க, நான் கேட்டது பாலக்காடு சித்தூர் தாலுகா. ஆனாலும் நல்லாச் சொன்னீங்க, இது எங்கயும் நடக்கும். ‘50 அடிக்கு 4 சென்டிமீட்டர்’னு, அதாவது சுத்தியல் 50 தடவை அடிச்சும் 4 சென்டிமீட்டர்தான் இறங்குச்சுன்னு ரெஃப்யூசல் போட்டிருந்தா, அதுக்குக் கீழ துளைச்சுப் பாறை உருளையா கோர் எடுத்தாங்களான்னு பாக்கணும். கோர் ரெகவரி கட்டம் காலியா இருந்தா சுத்தியல் நின்னது மட்டும்தான் நமக்குத் தெரியும். அது பாறைப் படுகையா, தனிக் கல்லான்னு தெரியாது.

அண்டர்ரீம் ஆதரவாளன்:
இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். கரிசல்னா அடியில குமிழ் வச்ச அண்டர்ரீம் பைல்தான். ரூர்க்கி சிபிஆர்ஐ கண்டுபிடிச்சுக் கொடுத்த முறை, ஐ.எஸ். 2911 மூணாம் பாகத்துல எல்லாம் இருக்கு. தண்டோட விட்டத்துக்கு இரண்டரை மடங்கு குமிழ். 3.5 மீட்டர் ஆழம் போயிட்டா மேல மண்ணு எவ்வளவு வீங்கினாலும் குமிழ் நங்கூரமாப் பிடிச்சுக்கும். பைல் தலையில கிரேடு பீம் போடறப்போ பீமை மண்ணு மேல உக்கார வைக்காம அடியில காலியிடம் விடணும், இல்லன்னா மண்ணு பீமைத் தூக்கிரும். இதைப் பாதிப் பேர் விட்டுடறாங்க. மூலைக்கு ஒரு பைல், சுவர் சேர்ற இடத்துல ஒரு பைல்னு போட்டா காலம் புட்டிங்கே தேவையில்லை. என் மாமா வீட்டுக்கும் அப்படித்தான், ஒரு கீறல் இல்ல. ரிப்போர்ட்டே எடுக்காம நேரா இதுக்குப் போயிடலாம்னு நான் எல்லாருக்கும் சொல்றேன்.

மண்குழி:
பீமுக்கு அடியில காலியிடம் விடறது ரொம்ப முக்கியம், அதை ஒத்துக்கறேன். ஆனா கரிசல் நாலு, அஞ்சு மீட்டர் இறங்கின இடத்துக்குத்தான் அந்தப் பைல் பொருத்தம். இவரு சைட்டுல 1.8ல கரிசல் முடிஞ்சு மக்கின பாறை வருது. அதுக்குள்ள போய்க் குமிழ் வெட்டற கத்தி திரும்பாதுங்க. அது முன்கூட்டியே தெரியணும்னாலே ரிப்போர்ட் வேணுமே.

வேலந்தாவளத்தான்:
கம்பிக்கணக்கு சார், அப்புறம் அந்தக் குழியை என்ன பண்ணீங்க? மறுபடி எடுத்தா கூலி யாரு தந்தா?

கம்பிக்கணக்கு:
ஜல்லடையை வெளிய எடுத்துட்டு இன்னும் 90 சென்டிமீட்டர் இறக்கினோம். ரெண்டு வழி இருந்தது. 97.40 வரைக்கும் எடுத்து, பழைய அடிமட்டம் வரைக்கும் மெலிசான கான்கிரீட் கொட்டி நிரப்பறது ஒண்ணு. புட்டிங்கை 97.40லயே போட்டு காலத்தை நீட்டறது இன்னொண்ணு. கான்கிரீட் கணக்குப் போட்டா ரெண்டாவது மலிவா வந்தது, காலம் கம்பியை மட்டும் திரும்பச் சரிபார்த்தேன். குழி ஓரத்துல திருப்பிப் போடறதுக்குக் கரிசலைத் தொடக்கூடாதுன்னு சொல்லி அந்த கிராவலையே போட வச்சேன். கூலியை வீட்டுக்காரர்தான் கொடுத்தார். டிராயிங் போட்டவர் பங்கு தரணுமான்னு அவங்களுக்குள்ள இன்னும் பேச்சு ஓடுது.

எருத்தேம்பதி வீட்டுக்காரி:
எங்க வீட்டுக்கும் ரிப்போர்ட் எடுத்தோம், புட்டிங் எல்லாம் சுக்கான்லதான் உக்காந்திருக்கு. காலம், பீம்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஹால் தரை நடுவுல தூக்கி டைல்ஸ் வெடிச்சுருச்சு, காம்பவுண்டுச் சுவரும் சாஞ்சுருச்சு. ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிட்டேன், தரையைப் பத்தி ஒரு வரி இல்லைங்க.

மண்குழி:
இருக்காதும்மா. ரிப்போர்ட் முதல் பக்கத்துல ‘பணியின் நோக்கம்’னு ஒரு பத்தி இருக்கும், அதுல காலம் அஸ்திவாரத்துக்குன்னு மட்டும் கேட்டிருப்பாங்க. லேபும் அதுக்கு மட்டும் பதில் எழுதும். தரைக்கு அடியில என்ன பண்ணணும், காம்பவுண்டு எவ்வளவு ஆழம், செப்டிக் டேங்க் தண்ணி எங்க போகணும்னு போர் போடறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துக் கேட்டாத்தான் வரும். செப்டிக் டேங்க் ஹால் பக்கமாவா இருக்கு? கசிவு இருந்தா முதல்ல அதைப் பாருங்க. நடுவுல மட்டும் தூக்கினா தண்ணி அங்க எப்படியோ போகுதுன்னு அர்த்தம்.

கம்பிக்கணக்கு:
நான் இப்ப தரைக்கு அடியில ஒரு மீட்டர் கரிசலை எடுத்துட்டு வீங்காத மண்ணு நிரப்பச் சொல்றேன். ஐஐடி பம்பாய் பேராசிரியர் கட்டி அவர்களோட சிஎன்எஸ், அதாவது ஒட்டும் தன்மை இருந்தும் வீங்காத மண்ணு போடற முறை இதுக்குத்தான் வந்தது.

மண்குழி:
ஒரு மீட்டர் போதும்னு என்னால சொல்ல முடியாது சார். வாய்க்கால் தண்ணி பாயற தோட்டம் பக்கத்துல இருந்தா உங்க சைட்டு மாதிரி 1.8 வரைக்கும் கரிசல்னா அடியில மிச்சம் இருக்கற 80 சென்டிமீட்டரும் வேலை செய்யும். நான்னா தரையையே பீம் மேல ஸ்லாபாத் தூக்கிப் போடுவேன்.

எருத்தேம்பதி வீட்டுக்காரி:
டேங்க் ஹால் சுவருக்கு வெளியிலதாங்க. நாளைக்கே திறந்து பாக்கச் சொல்றேன்.