தனித்தனியே பதிந்த பேட்டி, இறுதியில் கால் நொடி விலகல்: இழுப்பதா, வெட்டி நகர்த்துவதா?

ராயபுரம் கயல்:
காசிமேட்டில் வலை பின்னிய பெரியவர் ஒருவர் இப்போது சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரிடம் ஒரு மணி நேரம் பேட்டி எடுத்தேன். டேப்லெட்டில் அழைப்பில் இருந்தபடியே தன் குரலைத் தனிக் கைபேசியில் பதிந்தார். நான் மடிக்கணினியில் என் குரலையும் அழைப்பையும் பதிந்தேன். தொடக்கத்தில் அவர் தட்டிய கையொலியை வைத்து இரண்டையும் பொருத்தினேன். முதல் சில நிமிடங்கள் சரியாக இருக்கின்றன, கடைசியிலோ நான் கேள்வியை முடிக்குமுன்னே அவர் பதில் சொல்கிறார். எங்கே தவறினேன்?

கொருக்குப்பேட்டை ஜெயராஜ்:
ஒரு கருவி 44.1 கிலோஹெர்ட்சிலும் மற்றது 48 கிலோஹெர்ட்சிலும் பதிந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டையும் 48-க்கு மாற்றிவிட்டால் விலகல் வராது. இனிமேல் பேட்டிக்கு முன்பே அந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை நசீமா:
ஜெயராஜ் அண்ணன் சொல்வது நடக்கக்கூடிய பிழைதான், ஆனால் இங்கே நடந்தது அதுவன்று. 48-இல் பதிந்ததை 44.1 என்று தவறாக எடுத்துக்கொண்டு ஓட்டினால் ஒரு மணி நேரப் பேச்சு 65 நிமிடத்துக்கு மேல் நீண்டு, குரலும் கனத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க இறுதிவரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு கருவிகளிலும் 48 என்றே எழுதியிருந்தாலும், நொடிக்கு அந்த 48,000 சாம்பிளை எண்ணுவது ஒவ்வொன்றின் உள்ளே கடிகாரமாக இருக்கும் தனிப் படிகம். ஒன்று நொடிக்கு மூன்று நான்கு சாம்பிள் குறைவாக எண்ணினால் அது ஒரு மணி நேரத்தில் கால் நொடியாகச் சேர்ந்துவிடும்.

கயல், பேட்டியின் முடிவிலும் கை தட்டச் சொன்னீர்களா? அப்படியானால் அவர் கைபேசிக் கோப்பில் முதல் தட்டலுக்கும் கடைசித் தட்டலுக்கும் இடையே எத்தனை நொடி, உங்கள் அழைப்புப் பதிவில் அதே இரண்டுக்கும் இடையே எத்தனை நொடி என்று பாருங்கள். முப்பதாவது நிமிடத்திலும் ஓரிடத்தில் அளக்க வேண்டும். அங்கே விலகல் ஏறக்குறைய பாதியாக இருந்தால் படிகத்தின் வேலை. பூஜ்யமாகவோ முழுதாகவோ இருந்தால், கைபேசி எங்கோ ஒரு துண்டை விழுங்கியிருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு.

ராயபுரம் கயல்:
அக்கா, முடிவிலும் தட்டினார். என் பதிவில் 3600.00 நொடி, அவருடையதில் 3599.73. நடுவில் கை தட்டாததால், “கட்டுமரம்” என்று அவர் சொன்ன இடத்தை எடுத்துக்கொண்டேன். “ட்ட” வரும்போது அலை ஒரு கணம் படுத்துக் கிடந்து பிறகு சட்டென்று எழுகிறது. அந்த எழுச்சியை இரண்டு பதிவிலும் ஒப்பிட்டால் 0.13 நொடி விலகல்.

தண்டையார்பேட்டை நசீமா:
பாதிக்குப் பாதி, எனவே சீரான விலகல்தான். நடுவில் தட்டல் இல்லாத இடத்தில் “ட்ட”, “ப்ப” போன்ற இரட்டை வல்லினங்களைத்தான் நானும் தேடுவேன். உயிரெழுத்தின் தொடக்கத்தை வைத்து அளந்தால் கண் ஏமாற்றும். 3599.73-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.999925 வருகிறது. பெரியவரின் தடத்தை sox என்ற நிரலில் அந்த வேகத்துக்கு மாற்றினால் போதும்:

```
sox periyavar.wav sari.wav speed 0.999925
```

சுருதியைக் காப்பாற்றிக்கொண்டு நீளத்தை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். அது ஒலியைத் துண்டாக்கி ஒட்டுவதால் குரலில் கரகரப்பு சேரும். இவ்வளவு சிறிய மாற்றத்தில் சுருதி இறங்குவதை எந்தக் காதும் கண்டுகொள்ளாது. மாற்றிய பிறகு முதல் தட்டலை மீண்டும் பொருத்திவிட்டு, கடைசித் தட்டலைப் பாருங்கள். சில பத்து மில்லி நொடி மிச்சமிருந்தால் விட்டுவிடலாம். அழைப்பின் தாமதமே பேட்டி நடுவில் அந்த அளவுக்கு ஏறி இறங்கும், ஆகவே நம் அளவுகோல் அதற்குமேல் நுட்பமானதன்று.

வண்ணை சேகர்:
இருபது ஆண்டாகக் கல்யாண வீடியோ வெட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முழுத் தடத்தையும் எதற்காக இழுக்க வேண்டும்? பத்து நிமிடத்துக்கு 45 மில்லி நொடிதான் விலகுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓர் இடைவெளியில் வெட்டி, மீதியை அவ்வளவு நகர்த்தினால் பேச்சுக்குப் பேச்சு சரியாகவே நிற்கும், மூல ஒலியும் கை படாமல் இருக்கும்.

தண்டையார்பேட்டை நசீமா:
சேகர் அண்ணே, பெரியவரின் தடம் குறைந்திருப்பதால் நீங்கள் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். நகர்த்திய இடத்தில் 45 மில்லி நொடிக்கு ஒன்றுமே இருக்காது. அவர் அறையில் மின்விசிறி ஓடுகிறது என்றால், அந்தச் சீரான இரைச்சல் ஒரு கணம் அற்றுப்போய்த் திரும்புவது ஹெட்போனில் துல்லியமாகக் கேட்கும்.

வண்ணை சேகர்:
கயல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்து வெட்டினால் அவர் குரலே அந்த ஓட்டையை மூடிவிடும். இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே பேசும் பேட்டியாக இருந்தால் உங்கள் வழி; ஒருவர் கேட்க ஒருவர் நிதானமாகச் சொல்லும் பேட்டிக்கு என் வழி.

எண்ணூர் டேவிட்:
இணைய வேகம் குறைவாக இருந்ததால்தான் இந்த விலகல் என்று நினைக்கிறேன். எனக்கும் ஒரு பேட்டியில் இதுவே நடந்தது, நான் பேசியது எல்லாம் இரண்டு முறை கேட்டது.

தண்டையார்பேட்டை நசீமா:
இணையம் எவ்வளவு திணறினாலும் அவரவர் கருவியில் பதிவாகும் ஒலி திணறாது. தனித்தனியாகப் பதிவதே அதற்காகத்தான். உங்களுக்கு நேர்ந்தது வேறு. எதிரில் இருந்தவர் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பார், உங்கள் குரல் அவர் தடத்திலும் புகுந்திருக்கும். கயல், பெரியவர் ஹெட்போன் மாட்டியிருந்தாரா?

ராயபுரம் கயல்:
அரை மணி நேரம் மாட்டியிருந்தார். பிறகு காது வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. அதன்பின் என் கேள்விகள் அவர் தடத்தில் மெலிதாகக் கேட்கின்றன. தடத்தை இழுத்தால் அந்த எதிரொலியும் போய்விடுமா?

தண்டையார்பேட்டை நசீமா:
போகாது. உங்கள் குரல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த தாமதத்தோடுதான் அவர் கைபேசியில் விழுந்திருக்கிறது, எனவே எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும் இரட்டையாகத்தான் ஒலிக்கும். நீங்கள் கேள்வி கேட்கும் நேரமெல்லாம் அவர் தடத்தின் ஒலியைக் குறைத்துவிடுங்கள். முற்றிலும் அணைக்காமல், விசிறி இரைச்சல் மாறுவது தெரியாத அளவுக்கு மெதுவாக இறக்கி ஏற்ற வேண்டும்.

வண்ணை சேகர்:
எப்படியும் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் தடத்தைத் தொடத்தானே போகிறார்? அங்கேயே வெட்டி நகர்த்திவிட்டால் ஒரே வேலையில் இரண்டும் முடியும்.

தண்டையார்பேட்டை நசீமா:
இந்த ஒரு பேட்டிக்கு அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கே வேறொருவர் இதை மறுபடி தொகுக்க எடுத்தால், நீங்கள் வெட்டிய இடமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

ராயபுரம் கயல்:
மூலக் கோப்பு தனியாக இருக்கிறது அக்கா. வேகத்தை மாற்றி ஓட்டிப் பார்த்தேன்: கடைசித் தட்டல் 20 மில்லி நொடிக்குள் வந்துவிட்டது, அவர் இப்போது என் கேள்வியை வெட்டுவதில்லை. ஆனால் அழைப்புப் பதிவோடு பொருத்தியதால், என் கேள்விக்கும் அவர் பதிலுக்கும் நடுவில் ஒவ்வொரு முறையும் சிறு மௌனம் விழுகிறது. அவர் சொன்னதற்கு நான் உடனே பேசிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டை நசீமா:
அழைப்பில் உங்கள் காதுக்குக் கேட்டது அதுதான். போக ஒரு தாமதம், வர ஒரு தாமதம், இரண்டும் அவர் பதிலுக்கு முன்னால் வந்து விழுகின்றன. அவர் தடம் முழுவதையும் 100 மில்லி நொடி இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள், தாமதத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டது போல ஆகும்.

வண்ணை சேகர்:
நான் அதைத் தொட மாட்டேன். வலை பின்னிய பெரியவர் யோசித்துப் பதில் சொல்வது போலத்தான் அந்த மௌனம் கேட்கிறது.