கடைசி நாள் மெயிலில் பாதியை ஏன் அழித்தேன்

பென்சில்முனை:

ஆறு வருடம் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன வெள்ளிக்கிழமை வெளியே வந்தேன். ரிசைன் லெட்டரை நாலு வரியில் பத்து நிமிடத்தில் முடித்தவள், டீமுக்கு அனுப்ப வேண்டிய விடைபெறும் மெயிலுக்கு மூன்று இரவு எடுத்துக்கொண்டேன். அந்தக் கதையை இங்கே போடுகிறேன்.

முதல் டிராஃப்ட் ஒன்றரைப் பக்கம். சேர்ந்த அன்று ஐடி கார்டு இல்லாமல் வாசலில் நின்றதில் தொடங்கி, அம்மாவின் ஆபரேஷன், அதனால் எடுத்த நீண்ட லீவு, "கடந்த ஒரு வருடம் எனக்கு எளிதாக இருக்கவில்லை" என்று ஒரு வரி, அப்புறம் பதினேழு பேருக்குப் பெயர் சொல்லி நன்றி. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நல்ல மெயில் என்று அதனால்தான் நம்பிவிட்டேன்.

புதன்கிழமை பக்கத்து சீட் அக்காவிடம் காட்டினேன். இரண்டு முறை வாசித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போன வருஷம் எளிதா இல்லைன்னு எழுதியிருக்கியே, நம்ம புது மேனேஜர் எப்போ வந்தார்?"

போன வருடம்தான் வந்தார்.

நான் அம்மாவை நினைத்து எழுதிய வரியை அவர் தன்னைப் பற்றியதாக வாசிப்பார். அவர் மட்டுமா, டீமே அப்படித்தான் வாசிக்கும். அம்மாவின் ஆபரேஷன் டீமில் நாலு பேருக்குத் தெரியும், மேனேஜர் மாறியது எல்லோருக்கும் தெரியும். என் மனதில் இருக்கிற காரணத்தை மெயில் கூடவே எடுத்துக்கொண்டு போகாது. சரி, அம்மா கதையையே விரிவாக எழுதிவிட்டால் குழப்பம் தீருமே என்றேன். "அப்போ உங்க அம்மாவோட உடம்பைப் பத்தித்தான் எல்லாரும் பதில் போடுவாங்க. பரவாயில்லையா?" என்றார். அந்த வரி அங்கேயே போனது.

அடுத்தது நன்றிப் பட்டியல். டீமில் மொத்தம் இருபத்து மூன்று பேர். பதினேழு பெயர் இருந்தால், இல்லாத ஆறு பேர் முதலில் தேடுவது தங்கள் பெயரைத்தான். அந்த ஆறு பேர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவர்களோடு நேரடியாக வேலை பார்த்ததில்லை, அவ்வளவுதான். அதனால் பொது மெயிலில் யார் பெயரும் வேண்டாம் என்று முடிவு செய்து, ஐந்து பேருக்கு மட்டும் தனித்தனியாக எழுதினேன். தனி மெயிலில் ஒரே ஒரு சம்பவம். ஒருவருக்கு, "முதல் ரிலீஸ் அன்று விடியற்காலை மூன்று மணி வரை போனை வைக்காமல் லைனிலேயே இருந்தீர்கள், அதை மறக்கவில்லை" என்று எழுதினேன். பொது மெயிலில் போட்டிருந்தால் இதுவே அந்த ரிலீஸ் எவ்வளவு சொதப்பியது என்று ஊருக்கு அறிவித்த மாதிரி ஆகியிருக்கும்.

கடைசியில் போனது இது:

"வணக்கம். இன்று இங்கே என் கடைசி நாள். இந்த ஆறு வருடத்தில் எனக்குத் தெரிந்த வேலையில் பெரும்பகுதி, உங்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. அதற்கு மனமார்ந்த நன்றி. வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் வரும் பில்லிங் பிழைகளை இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது சம்பந்தமான கேள்விகளைத் திங்கள் முதல் டீமின் பொது மெயில் ஐடிக்கு அனுப்பினால் போதும். கொஞ்சம் ஓய்வுக்குப் பிறகு வேறொரு வேலையில் சேர்கிறேன். என் சொந்த மெயில் ஐடி கீழே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள்."

சப்ஜெக்ட் வரி "இன்று என் கடைசி நாள், நன்றி". அவ்வளவுதான். உங்கள் கடைசி மெயில் கதைகளைச் சொல்லுங்களேன்.

ஏழாம்மாடி:

பில்லிங் வரி அருமை. நான் லீடாக இருந்து பலரை வழியனுப்பியிருக்கிறேன், நானே நாலு இடம் மாறியிருக்கிறேன். வாசகத்தைவிட எப்போது அனுப்புகிறோம் என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு அனுப்பலாம் என்று வைத்திருப்பார்கள், மெயில் கணக்கு நாலு மணிக்கே மூடிவிடும். மெயில் போயிருந்தாலும் பதில்களை வாசிக்க ஆள் இருக்காது. காலையிலேயே ஐடி டீமிடம் எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்டு, அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் அனுப்புவது என் வழக்கம். ரொம்ப முன்னாலும் வேண்டாம். ஒரு வாரம் முன்பே அனுப்பியவர் அந்த வாரம் முழுக்க "இன்னும் போகலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, மேனேஜர் டீமிடம் சொல்வதற்கு முன்னால் உங்கள் மெயில் போகக் கூடாது. கிளையண்டுக்கு நீங்களாக எழுதவே கூடாது. அடுத்து யார் அந்த வேலையைப் பார்ப்பார் என்று முடிவாகாத நேரத்தில் உங்கள் மெயில் அங்கே போய் விழுந்தால், திங்கட்கிழமை காலை வரும் போனை எடுப்பது உங்கள் மேனேஜர்தான்.

குறுஞ்செய்தி:

இவ்வளவு யோசிக்கணுமா? எல்லாரையும் பிசிசியில் போட்டால் ரிப்ளை ஆல் தொல்லை வராது. தப்பா ஏதாவது எழுதிட்டா ரீகால் அடிச்சா போச்சு. நான் எப்பவும் அப்படித்தான்.

ஏழாம்மாடி:

பிசிசி பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் பாதி. பிசிசியில் இருப்பவர் ரிப்ளை ஆல் அடித்தால் பதில் உங்களுக்கும், பெறுநர் வரியிலும் சிசியிலும் இருப்பவர்களுக்கும் போகும். அதனால் பெறுநர் இடத்தில் உங்கள் ஐடி மட்டும் இருக்க வேண்டும். அங்கே குரூப் ஐடியைப் போட்டுவிட்டு மேனேஜரை மட்டும் பிசிசியில் வைத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க "ஆல் தி பெஸ்ட்" மழை. நடுவில் ஒருவர் "என்னை இதிலிருந்து எடுங்கள்" என்று அதையும் எல்லோருக்கும் அனுப்பினார்.

ரீகாலை நம்பாதீர்கள். அது வேலை செய்தால்கூட உங்கள் நிறுவனத்துக்குள்தான். வெளி ஐடிக்குப் போனது போனதுதான். ஏற்கெனவே வாசித்தவர் தலையிலிருந்தும் எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, சில இடங்களில் இன்னார் இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்று ஒரு அறிவிப்பு வேறு போகும். அதுவரை திறக்காதவரும் அப்புறம் தேடிப்பிடித்துத் திறப்பார். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடிதான், அதுவும் முன்கூட்டியே செட்டிங்கில் மாற்றி வைத்திருந்தால்.

வாசல்படி:

எனக்கும் இதே பிரச்சினை! காரணம் எழுதாமல் மெயில் அனுப்பினால் எச்ஆர் ஏற்றுக்கொள்வார்களா? நோட்டீஸ் பீரியடைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

பென்சில்முனை:

நீங்கள் கேட்பது ராஜினாமா மெயில். அது மேனேஜருக்கும் எச்ஆருக்கும் போவது, தேதி எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டியது. நான் சொல்வது அதெல்லாம் முடிந்து, கிளம்புகிற அன்று கூட வேலை பார்த்தவர்களுக்கு எழுதுவது. அதில் நோட்டீஸ் பீரியடைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது :)

தூறல்:

உங்களுக்காவது மூன்று இரவு கிடைத்தது. எனக்குக் காலை பத்து மணிக்கு ஒரு மீட்டிங் அழைப்பு வந்தது, பத்தரைக்குள் வேலை இல்லை, பதினொன்றுக்கு லேப்டாப் லாக் ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களிடம்கூடச் சொல்லவில்லை. பை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கியதுதான் என் விடைபெறும் மெயில்.

மூன்று நாள் கழித்து, கையில் நம்பர் இருந்த எட்டுப் பேருக்குச் சொந்த ஐடியிலிருந்து எழுதினேன். முதலில் எழுதியது வாய்விட்டுச் சொல்ல முடியாதது, அதை அனுப்பவில்லை. அனுப்பியதில் "என் பொறுப்பு நீக்கப்பட்டதால் புதன்கிழமை வெளியேறினேன், உங்களிடம் நேரில் சொல்ல முடியவில்லை என்பதுதான் வருத்தம், இப்போது இன்ன மாதிரி வேலை தேடுகிறேன்" என்று மட்டும் இருந்தது. வேலை போனதை எழுதியிருக்க வேண்டுமா என்று இன்னும் குழப்பம். மனைவி வேண்டாம் என்றார்.

ஏழாம்மாடி:

எழுதியது சரி என்றுதான் நான் சொல்வேன். உங்களை எப்படி அனுப்பினார்கள் என்பது எட்டுப் பேருக்கும் அன்றே தெரிந்திருக்கும். மறைத்தால் அவர்கள்தான் பதில் எழுதச் சங்கடப்படுவார்கள். அந்த வரியில் அடைமொழி ஒன்றும் இல்லை, அநியாயமாக, திடீரென்று என்றெல்லாம் எதுவும் இல்லை. வேலை தேடுவதைச் சொன்னதால் உதவ நினைப்பவருக்கும் வழி கிடைத்தது.

குறுஞ்செய்தி:

இதில் நான் தூறல் மனைவி பக்கம். மெயிலை யாராவது இன்னொருத்தருக்கு ஃபார்வர்டு பண்ணுவாங்க. வேலை போனதுங்கிறதை போன்ல சொல்லிக்கலாம், எழுத்துல எதுக்கு?

தூறல்:

ஃபார்வர்டு ஆனதால்தான் ஒரு இன்டர்வியூ வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏழாம்மாடி:

ஒன்று விட்டுப்போனது. தொடர்பில் இருக்க வேண்டும் என்கிற ஆசையில் டீம் காண்டாக்ட் லிஸ்ட் முழுவதையும் சொந்த ஐடிக்கு அனுப்பாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் கடைசி நாள் மத்தியானம் அப்படிச் செய்தார். தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் வெளியேறும் ஆளின் கணக்கிலிருந்து வெளி ஐடிக்கு இணைப்போடு மெயில் போனால் பாதுகாப்பு டீமுக்கு அது வேறு மாதிரித் தெரியும். அவருடைய ரிலீவிங் லெட்டர் இரண்டு வாரம் நின்றது. உங்கள் ஐடியை அவர்களுக்குக் கொடுங்கள், வேண்டியவர் எழுதுவார். அதே போல "எங்கள் புது இடத்தில் ஆள் எடுக்கிறார்கள்" என்று விளையாட்டாகக்கூட எழுதாதீர்கள். உடன் வேலை பார்த்தவர்களை இழுக்கக் கூடாது என்று பலருடைய ஒப்பந்தத்தில் இருக்கும்.

பென்சில்முனை:

நீங்கள் சொன்னதும் பகீரென்றது. இன்று காலை அந்த மேனேஜரிடமிருந்து என் சொந்த ஐடிக்கு மெயில். நலம் விசாரித்து இரண்டு வரி, அப்புறம் "பில்லிங் ஒப்படைப்புக் குறிப்பில் மூன்றாம் பக்கம் காணவில்லையே?" என்று கேட்டிருக்கிறார். பதில் போடலாமா?

ஏழாம்மாடி:

தலையில் இருப்பதை நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கமே உங்களிடம் இருக்கிறது என்றால்தான் சிக்கல்.

பென்சில்முனை:

இல்லை, இல்லை. எண் போடும்போது இரண்டுக்கு அப்புறம் நான்கு என்று போட்டிருக்கிறேன்.