புதுப்பிப்பு: ‘விரைவில் வருகிறோம்’ பக்கத்தில் உறுதி செய்யாமல் நின்றவர்கள்

நான் முதலில் கேட்டது: “கடைத் தளம் திறக்கும் முன் வைத்த பக்கத்தில் 214 பேர் மெயில் கொடுத்தார்கள். 61 பேர்தான் உறுதி இணைப்பை அழுத்தினார்கள். ஏன்?”

காரணம் கிடைத்துவிட்டது. உறுதி மெயிலே பலருக்கு ஸ்பாமில் போய் விழுந்திருக்கிறது. மெயில் சேவை வழியாக அனுப்பினாலும், அனுப்புநர் இடத்தில் என் ஜிமெயில் முகவரியைப் போட்டிருந்தேன். சர்வர் நடத்தும் நண்பர் ஒருவர், வந்த மெயிலைத் திறந்து Show original பார்க்கச் சொன்னார். அங்கே, அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று பார்க்கும் DMARC சோதனைக்கு எதிரே FAIL என்று இருந்தது. ஜிமெயில் பெயரில் வேறொரு சர்வர் அனுப்பினால் அப்படித்தான் ஆகும் என்றார்.

சொந்த டொமைனில் ஒரு முகவரி உருவாக்கினேன். மெயில் நம் டொமைன் பெயரில் முறையாக வந்தது என்று காட்டும் DKIM பதிவைச் சேவை கொடுத்தது; அதை டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் சேர்த்தேன். மறுநாள் PASS வந்தது. அதன்பின் பதிந்த 40 பேரில் 29 பேர் உறுதி செய்துவிட்டார்கள்.

என் கேள்விக்குப் பதிலாக, உறுதிப் படியையே தூக்கிவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது பாதி சரி. எண்ணிக்கை நிச்சயம் ஏறும். ஆனால் என் பட்டியலில் gmail.com-க்குப் பதில் gmial.com என்றே ஆறு முகவரிகள் இருந்தன. திறப்பு நாளில் அவை எல்லாம் திரும்பி வந்தால் நம் டொமைனின் பெயர்தான் கெடும்.

இன்னொருவர், தன் பக்கம் கூகுளில் வரவே இல்லை என்றார். அது வேறு சிக்கல்: பராமரிப்பு நிலையில் வைத்ததால், ‘தளம் இப்போதைக்கு இல்லை’ என்று சொல்லும் 503 பதில் கூகுளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சரி, உறுதி செய்யாத பழைய 153 பேருக்கு மறுபடி ஒரு மெயில் அனுப்பலாமா? அதில் இன்னும் தயக்கம் இருக்கிறது.