திட்டத் தேதி, முடிந்த தேதி ஒப்பிட்டேன்: அடுத்த வீட்டு ஷெட்யூலில் எத்தனை நாள் கூட்டுவது?

திருச்சி_சைட்:
அவசரம். நாளைக் காலை அடுத்த வீட்டுக்கு ஷெட்யூல் கொடுக்க வேண்டும். போன வீட்டில் எந்த வேலை திட்டத் தேதியைத் தாண்டி எத்தனை நாளில் முடிந்தது என்று எக்செல்லில் எடுத்தேன். கட்டு வேலை 6 நாள், வயரிங் பைப் 16, உள்பூச்சு 20, டைல்ஸ் 27. சராசரி 17. அதனால் புது ஷெட்யூலில் ஒவ்வொரு வேலைக்கும் 17 நாள் கூட்டினேன். நாலு வேலைக்கு 68 நாள் ஆகிறது. “போன வீடே மொத்தம் 27 நாள்தானே தள்ளிப்போச்சு” என்று முதலாளி திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு?

தூக்குக்குண்டு:
வேலை தொடங்கிய தேதிகள் எங்கே? அது இல்லாமல் சொல்ல முடியாது. திட்டத் தேதிகளை நடுவில் மாற்றினீர்களா என்பதும் தெரிய வேண்டும். பலர் தாமதம் ஆனதும் அதே கட்டத்தில் புதுத் தேதி அடித்துவிடுவார்கள். அப்புறம் ஒப்பிட்டால் பாதித் தாமதம் மறைந்துவிடும்.

காவேரி_பில்டர்:
இவ்வளவு யோசிக்க வேண்டாம் தம்பி. வேலை நாட்களை அப்படியே விட்டுவிட்டு, ஷெட்யூலின் கடைசியில் 27 நாள் மொத்தமாகச் சேருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அண்ணாநகர்_வீட்டுக்காரர்:
எங்கள் வீடும் நாலு மாதம் தாமதம். ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது. பில்டரிடம் நஷ்டஈடு கேட்க இந்தக் கணக்கு உதவுமா?

ரசமட்டம்:
அது வேறு விஷயம் சார், தனி இழை போடுங்கள். திருச்சி தம்பிக்கு: ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்பதுகூடத் தெரியாமல் ஷெட்யூல் போட உட்காரக் கூடாது. முதலில் ஆறு மாதம் ஒரு நல்ல என்ஜினீயருக்குக் கீழே நில்லுங்கள்.

கணினி_செல்வம்:
எக்செல்லை விடுங்கள், எம்எஸ் ப்ராஜெக்டில் முதல் திட்டத்தை Baseline ஆக வைத்துக்கொண்டு Finish Variance பத்தியைப் பாருங்கள். தானாக வரும்.

தூக்குக்குண்டு:
செல்வம், Baseline சேமிப்பது நல்லது. ஆனால் Finish Variance தருவது அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் அதே 6, 16, 20, 27தான். அவருக்கு வேண்டியது, வேலை எடுத்த நாட்களின் வித்தியாசத்தைக் காட்டும் Duration Variance. திருச்சி, தொடங்கிய தேதி குறித்து வைக்கவில்லை என்றால் சனிக்கிழமை சம்பள நோட்டைப் பாருங்கள், எந்த வாரம் எந்த ஆட்கள் வந்தார்கள் என்று தெரியும். வாட்ஸப் குழுவில் போட்ட சைட் படங்களில் நாளே தெரிந்துவிடும்.

திருச்சி_சைட்:
படங்களில் இருந்து எடுத்துவிட்டேன். திட்டத் தேதி, சைட் ஷெட்டில் ஒட்டியிருந்த முதல் பிரிண்டில் இருந்தது. 2024.
கட்டு வேலை: திட்டம் ஆகஸ்ட் 1–20, நடந்தது ஆகஸ்ட் 1–26
வயரிங் பைப்: திட்டம் ஆகஸ்ட் 21–28, நடந்தது செப்டம்பர் 6–13
உள்பூச்சு: திட்டம் ஆகஸ்ட் 29–செப்டம்பர் 17, நடந்தது செப்டம்பர் 14–அக்டோபர் 7
டைல்ஸ்: திட்டம் செப்டம்பர் 18–அக்டோபர் 2, நடந்தது அக்டோபர் 15–29

தூக்குக்குண்டு:
இப்போது தெரிகிறது பாருங்கள். வயரிங் பைப்புக்கு 8 நாள் என்று போட்டீர்கள், 8 நாளில்தான் முடிந்திருக்கிறது. அந்த 16 நாள் எலெக்ட்ரீஷியன் கையில் போனது இல்லை. 6 நாள் கட்டு வேலையில் இருந்து வந்தது, 10 நாள் யாரும் வேலை செய்யாமல் கிடந்தது. டைல்ஸும் அப்படித்தான்: 15 நாளுக்கு 15 நாள். முன்னால் வந்து சேர்ந்த 20-உம், பூச்சு முடிந்து தொடங்காமல் கிடந்த 7-உம்தான் 27. நீங்கள் சராசரி எடுத்தபோது கட்டு வேலையின் அதே 6 நாளை நாலு முறை எண்ணிவிட்டீர்கள்.

உண்மையில் வேலையே நீண்டது இரண்டு இடத்தில்தான். கட்டு வேலை 20 நாள் 26 ஆனது, பூச்சு 20 நாள் 24 ஆனது. சேர்த்து 10 நாள். மீதி 17 நாள் காத்திருப்பு. அடுத்த வீடு பெரிதாக இருந்தால் நாளைக் கூட்டாமல் மடங்காக எடுங்கள்: கட்டு வேலைக்கு 1.3, பூச்சுக்கு 1.2. பைப்பையும் டைல்ஸையும் தொட வேண்டாம். காத்திருப்பைத் தனி வரியாக, காரணத்தோடு எழுதுங்கள்.

காவேரி அண்ணன் சொன்னபடி கடைசியில் 27 நாள் வைத்தால் மொத்தம் சரியாக வரும். ஆனால் டைல்ஸ்காரரை எந்தத் தேதிக்கு வரச் சொல்வது என்பது மறுபடியும் தப்பாகும்.

ஞாயிறையும் விடுமுறையையும் கழித்துப் பார்க்க, D-இல் தொடங்கிய தேதி, E-இல் முடிந்த தேதி, H-இல் விடுமுறைகள் இருந்தால்:

```
=NETWORKDAYS.INTL(D2,E2,11,$H$2:$H$15)
```

11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை. திட்டத் தேதிக்கும் இதையே போட்டு ஒப்பிடுங்கள்.

திருச்சி_சைட்:
நன்றி மேடம். எலெக்ட்ரீஷியன் வேறு சைட்டில் இருந்தார், அதனால்தான் 10 நாள். டைல்ஸுக்கு வீட்டம்மா மாடல் முடிவு செய்யவில்லை, நடுவில் ஆயுத பூஜையும் வந்தது.

ரசமட்டம்:
எலெக்ட்ரீஷியன் மேல் பழி போடாதீர்கள். கட்டு வேலை முடிந்த மறுநாளே காடி வெட்ட ஆளை வரச் சொல்லியிருக்கிறது உங்கள் திட்டம். சுவர் ஏழு நாளாவது தண்ணீர் குடிக்க வேண்டாமா? பச்சைச் சுவரில் மெஷின் வைத்தால் கலவை உதிர்ந்து கல் ஆடும். அவர் 27-ஆம் தேதியே வந்திருந்தாலும் நீங்கள் வெட்ட விட்டிருக்கக் கூடாது.

காவேரி_பில்டர்:
ஏழு நாளும் காத்திருக்கத் தேவையில்லை. சுவர் கீழிருந்து எழும்போதே தண்ணீர் ஊற்றிக்கொண்டுதானே வருகிறோம்? ஆகஸ்ட் முதல் வாரம் கட்டிய சுவர் கடைசி நாளில் நன்றாக இறுகியிருக்கும். அந்த அறையில் ஆரம்பித்துவிடலாம். கடைசியாகக் கட்டியதை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

ரசமட்டம்:
சுவிட்ச் பாக்ஸுக்கு இறங்கும் பைப் எல்லாம் ரூஃபில் இருந்து வருகிறது. அதனால் மேல் வரிசையைத்தான் முதலில் வெட்டுவார்கள். அந்த வரிசைதான் கடைசியில் கட்டியது.

காவேரி_பில்டர்:
அறை அறையாகக் கட்டினால் முதல் அறையின் மேல் வரிசையும் பழையதுதான். நான் முப்பது வீட்டில் செய்திருக்கிறேன், ஒரு சுவரும் ஆடவில்லை.

தூக்குக்குண்டு:
இரண்டு பேரும் அவரவர் சைட்டில் கட்டும் வரிசையை வைத்துப் பேசுகிறீர்கள். ஆனால் ரசமட்டம் சார் சொன்னது நான் கவனிக்காமல் விட்டது. அந்த 10 நாளில் 7 நாள் க்யூரிங் என்றால், அது தாமதமே இல்லை, திட்டத்தில் எழுதாமல் விட்ட வேலை. ஆளுக்காகக் காத்தது 3 நாள்தான். திருச்சி, அந்த நாட்களில் தண்ணீர் ஊற்றினார்களா? முழு வீட்டையும் ஒன்றாக ஏற்றினீர்களா, அறை அறையாகவா? அதைப் பொறுத்துத்தான் எத்தனை நாள் எழுதுவது என்று சொல்ல முடியும். இன்னொன்று, பூச்சு ஏன் 24 ஆனது? ஆள் குறைவா, இல்லை பைப் வேலை மிச்சம் வைத்து வைத்துப் பூசினார்களா? இரண்டாவது என்றால் 1.2 பூச்சுக்கு உரியது இல்லை.

கணினி_செல்வம்:
புது வீட்டுப் பூச்சு எந்த மாதம் வருகிறது? வடகிழக்குப் பருவமழையில் வந்தால் வெளிப்பூச்சுக்கு இந்த மடங்கு எதுவும் பொருந்தாது.

திருச்சி_சைட்:
ஷெட்யூல் கொடுத்துவிட்டேன். கட்டு வேலை 1.3, பூச்சு 1.2, க்யூரிங் 7 நாள் தனி வரி. டைல்ஸ் தேர்வுக்குத் தனி வரி போட்டு, பூச்சு தொடங்கும் நாளையே கெடுவாக எழுதினேன். முதலாளி ஒத்துக்கொண்டார். வீடு முழுவதும் ஒன்றாகத்தான் ஏற்றினோம். பூச்சு பற்றி மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

தூக்குக்குண்டு:
மேஸ்திரி என்ன சொன்னார்?

தூக்குக்குண்டு:
திருச்சி, மூன்று வாரம் ஆகிறது. புது வீட்டில் தொடங்கிய தேதிகளையாவது அன்றன்றே குறித்து வருகிறீர்களா?